கொதிக்க வைத்தும் பிரியாத ஐஜிஜி: எஸ்டிஎஸ் ஜெல்லில் சூடு என்ன செய்கிறது, டிடிடி என்ன செய்கிறது?

மதுமிதா_உயிர்வேதியியல் · 4 செப்டம்பர் 2023, மாலை 6.12

12 சதவீத ஜெல். முதல் லேனில் மார்க்கர். இரண்டாவதில் மனித ஐஜிஜி1 என்ற எதிர்ப்பொருள், டிடிடி என்ற ரெட்யூசிங் ஏஜெண்ட் போட்டு 95 டிகிரியில் 5 நிமிடம். மூன்றாவதில் அதே ஐஜிஜி, அதே சூடு, அதே நேரம், டிடிடி மட்டும் இல்லை. நான்காவதில் மாட்டு ஆல்புமின் டிடிடி இல்லாமல், ஐந்தாவதில் டிடிடியோடு. இவையும் கொதிக்க வைத்தவைதான்.

இரண்டாவது லேனில் ஹெவி செயின், லைட் செயின் என்று இரண்டு பேண்ட். மூன்றாவதில் ஜெல்லின் உச்சியிலேயே ஒரு தடித்த பேண்ட், அதற்குக் கீழே மங்கலாகச் சில. ஆல்புமின் ஒரே சங்கிலி, பிரிவதற்கு அதில் எதுவும் இல்லை. ஆனாலும் டிடிடி இல்லாத ஆல்புமின் இரண்டு மில்லிமீட்டர் அதிகமாகக் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டு முறை ஓட்டியும் அப்படித்தான்.

வகுப்பில் "கொதிக்க வைத்தால் புரதம் விரிந்துவிடும், அப்புறம் அளவுப்படி பிரியும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கொதித்தால் விரியும் என்றால் மூன்றாவது லேன் ஏன் பிரியவில்லை? ஆல்புமினின் எடை மாறவே இல்லையே, அது ஏன் இடம் மாறுகிறது?

கபிலன்.ச · 4 செப்டம்பர் 2023, இரவு 7.50

சூடு போதவில்லை. டைசல்ஃபைட் பிணைப்பு உடைய 10 நிமிடமாவது கொதிக்க வேண்டும். டிடிடி அதைச் சீக்கிரமாக்கும், அவ்வளவுதான். 15 நிமிடம் வைத்துப் பாருங்கள், மூன்றாவது லேனும் இரண்டாவது மாதிரியே வரும்.

பொதுவாகச் சின்னப் புரதத்துக்கு எடைக்கு மிஞ்சிய மின்னூட்டம் இருப்பதால்தான் அது வேகமாக ஓடுகிறது. ஆல்புமினிலும் அப்படி ஏதாவது மின்னூட்ட வித்தியாசம் இருக்கலாம்.

செங்கழுநீர் · 4 செப்டம்பர் 2023, இரவு 10.31

கபிலன் சொன்ன இரண்டையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டாவதில் தொடங்குகிறேன், ஏனென்றால் அது புரியாமல் மற்றது புரியாது.

எஸ்டிஎஸ் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெய்த் தன்மை கொண்ட நீண்ட வால், மறுமுனை எதிர்மின்னூட்டம் உள்ள சல்ஃபேட். விரிந்த புரதத்தில் ஒரு கிராமுக்குச் சுமார் 1.4 கிராம் எஸ்டிஎஸ் ஒட்டுகிறது. ஒரு அமினோ அமிலத்தின் சராசரி எடை 110, எஸ்டிஎஸ் 288. கணக்குப் போட்டால் ஏறத்தாழ இரண்டு அமினோ அமிலத்துக்கு ஒரு எஸ்டிஎஸ். உங்கள் ஹெவி செயினில் சுமார் 450 அமினோ அமிலம், அதில் 240 எஸ்டிஎஸ் ஏறும். லைட் செயினில் 214, அதில் 110 சொச்சம். புரதத்தின் சொந்த மின்னூட்டம் இதற்கு முன்னால் ஒரு பொருட்டே இல்லை.

இப்போது கவனியுங்கள். ஹெவி செயின் லைட் செயினைப்போல இரண்டு மடங்கு எடை, இரண்டு மடங்கு மின்னூட்டம். எடைக்கு இவ்வளவு மின்னூட்டம் என்ற விகிதம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஜெல் இல்லாமல் வெறும் பஃபரில் விட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போகும், பிரியவே பிரியாது. சின்னதை முன்னே விடுவது மின்னூட்டம் இல்லை, பாலிஅக்ரிலமைடு வலைதான். எஸ்டிஎஸ் செய்வதெல்லாம் மின்னூட்டம் என்ற வித்தியாசத்தை அழிப்பது. உருவம் என்ற வித்தியாசத்தையும் அழித்தால்தான் எஞ்சுவது சங்கிலியின் நீளம் மட்டும். கொதிநீரும் டிடிடியும் அந்த இரண்டாவது வேலைக்குத்தான் வருகின்றன. இரண்டும் வேறு வேறு கட்டை அவிழ்க்கின்றன.

ஊர்க்குருவி · 5 செப்டம்பர் 2023, காலை 7.05

நான் அகரோஸில் டிஎன்ஏ ஓட்டுகிறேன். ஒரு தடவைகூடக் கொதிக்க வைத்ததில்லை, எஸ்டிஎஸ்ஸும் போடுவதில்லை, அளவுப்படி அழகாகப் பிரிகிறது. லோடிங் டை போட்டு நேராக ஏற்றுவேன். மேலே தேங்குகிறது என்றால் அளவுக்கு அதிகமாக ஏற்றிவிட்டீர்களோ? பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

செங்கழுநீர் · 5 செப்டம்பர் 2023, காலை 8.20

டிஎன்ஏவில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பாஸ்பேட் பிறவியிலேயே இருக்கிறது. எடைக்குச் சமமான மின்னூட்டம் அங்கே இயல்பு, உருவமும் நீளமான இரட்டை இழை. நாம் எஸ்டிஎஸ்ஸை வைத்துப் புரதத்துக்குச் செய்து கொடுப்பது டிஎன்ஏவுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அங்கேயும் உருவம் மாறினால் கணக்குத் தப்பும். வெட்டாத பிளாஸ்மிட் முறுக்கிய நிலையில் வெட்டியதைவிட வேகமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மதுமிதாவின் ஆல்புமினும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

மேலே நிற்பது அதிகம் ஏற்றியதால் இல்லை. அது பிரியாத முழு ஐஜிஜி.

செங்கழுநீர் · 5 செப்டம்பர் 2023, பகல் 1.15

சாப்பாட்டு வேளையில் மீதியை எழுதுகிறேன்.

மடிந்திருக்கும் புரதத்தைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு வகை. ஒன்று, நீரை விலக்கும் பகுதிகள் உள்ளே ஒண்டிக்கொள்வது, ஹைட்ரஜன் பிணைப்புகள் போன்ற தளர்வான பிடிகள். தனித்தனியாக ஒவ்வொன்றும் பலவீனம், கூட்டமாகச் சேர்ந்தால் பலம். சூடு இவற்றைக் குலைக்கிறது. குலைந்த இடத்தில் எஸ்டிஎஸ் வால் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது, ஆறிய பிறகும் புரதம் பழையபடி மடிய முடியாது. இரண்டாவது வகை டைசல்ஃபைட், இரண்டு சிஸ்டீன்களின் கந்தக அணுக்களுக்கு நடுவே இருக்கும் அசல் சகப்பிணைப்பு. கொதிநீரின் சூட்டுக்கு அது பொதுவாக அசையாது. அதை அவிழ்க்க இன்னொரு தயால், அதாவது ஹைட்ரஜனோடு இருக்கும் தனிக் கந்தகம், வந்து கந்தகத்தைத் தாக்கி இடத்தைப் பிடிக்க வேண்டும். டிடிடியில் இரண்டு தயால் இருப்பதால், முதலாவது தாக்கியதும் இரண்டாவது திரும்பி வந்து தன்னோடு வளையமாக மூடிக்கொண்டு புரதத்தை விட்டுவிடுகிறது. மெர்காப்டோஎத்தனாலில் ஒரே தயால், அதனால்தான் அதை 5 சதவீதம் என்று தாராளமாகப் போடுகிறோம். டிடிடி 50 முதல் 100 மில்லிமோலார் இருந்தால் போதும்.

ஐஜிஜி1-இல் மொத்தம் 16 டைசல்ஃபைட். நான்கு மட்டுமே சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே: ஹெவியையும் லைட்டையும் சேர்ப்பவை இரண்டு, இரண்டு ஹெவிகளையும் இடுப்புப் பகுதியில் சேர்ப்பவை இரண்டு. மீதி 12-உம் சங்கிலிகளுக்கு உள்ளேயே இருக்கின்றன. உங்கள் மூன்றாவது லேனில் சூடு தளர்வான பிடிகளைக் குலைத்துவிட்டது, எஸ்டிஎஸ்ஸும் ஏறிவிட்டது. ஆனால் அந்த நான்கு பிணைப்பும் அப்படியே இருப்பதால் நான்கு சங்கிலியும் சேர்ந்தே ஓடுகின்றன. இரண்டாவது லேனில் 16-உம் அவிழ்ந்துவிட்டன.

ஆல்புமின்: 583 அமினோ அமிலம், ஒரே சங்கிலி, உள்ளே 17 டைசல்ஃபைட். டிடிடி இல்லாவிட்டால் அது ஆங்காங்கே முடிச்சு விழுந்த நூல். நீளம் அதேதான், ஆனால் முழுதாக நீள முடியாமல் சுருங்கிக் கிடப்பதால் வலைக்குள் சுலபமாக நுழைகிறது. முடிச்சு இருக்கும் புரதத்தில் எஸ்டிஎஸ்ஸும் குறைவாகவே ஒட்டும், அது வேகத்தைக் குறைக்கப் பார்க்கும். ஆனால் ஆல்புமினில் சுருக்கம்தான் வெல்கிறது. எடை மாறாமல் இடம் மாறியது இதனால்தான். ரெட்யூசிங் ஏஜெண்ட் சங்கிலிகளைப் பிரிக்கத்தான் என்று மட்டும் படித்தவர்களுக்கு இந்த லேனைத்தான் காட்ட வேண்டும். ஒற்றைச் சங்கிலிக்கும் அது தேவை.

கபிலன்.ச · 5 செப்டம்பர் 2023, இரவு 9.02

மின்னூட்டம் பற்றிச் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். சூடு பற்றி இன்னும் ஒப்பவில்லை. எங்கள் ஆய்வகத்தில் டிடிடி இல்லாமல் கொதிக்க வைத்த ஐஜிஜியிலும் 25-க்குப் பக்கத்தில் ஒரு பேண்ட் வரும், 75, 100 பக்கத்திலும் வரும். நேரத்தைக் கூட்டினால் அவையும் கூடும். டிடிடி கலந்த சாம்பிள் எதுவும் அந்த ஜெல்லிலேயே கிடையாது. சூடு உடைக்கவில்லை என்றால் அவை எங்கிருந்து வந்தன?

செங்கழுநீர் · 5 செப்டம்பர் 2023, இரவு 11.10

நல்ல கேள்வி, நேற்று உங்கள் பதிலைப் படித்தபோது எனக்கு இது தோன்றவில்லை. நீங்கள் பார்த்தது உண்மை. அது எப்படி வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஐஜிஜி சாம்பிளில் எப்போதும் கொஞ்சம் பிணையாத சிஸ்டீன் இருக்கும். சூட்டில் சங்கிலி விரிந்ததும் அந்தத் தனித் தயால் பக்கத்து டைசல்ஃபைட்டைத் தாக்கி, அதை அவிழ்த்துத் தான் பிணைந்துகொள்கிறது. அவிழ்ந்தது இன்னொன்றைத் தேடிப் போகிறது. வெளியிலிருந்து யாரும் டிடிடி போடாமலேயே பிணைப்புகள் கை மாறுகின்றன. ஒரு லைட் செயின் கழன்றால் 125, இரண்டும் கழன்றால் 100, பாதி மூலக்கூறு 75, தனி லைட் 25. ஏணி மாதிரி வரிசையாக வரும். நீண்ட நேரச் சூட்டில் சில டைசல்ஃபைட்கள் நேரடியாகவும் சிதையும், அதுவும் இதில் சேரும். ஆனால் இதெல்லாம் ஓரப் பங்கு. 15 நிமிடம் கொதித்தாலும் பெரும்பகுதி மேலேதான் நிற்கும், இரண்டாவது லேன் மாதிரி ஆகாது.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. சூடாக்கும் முன்பே சாம்பிள் பஃபரில் அயோடோஅசிட்டமைடு அல்லது என்-எத்தில்மலேமைடு சேர்த்துத் தனித் தயால்களை மூடிவிடுங்கள். ஏணி வெகுவாகக் குறைந்தால் கை மாறியதுதான் காரணம். குறையாமல் நிற்கும் பங்கு சாம்பிளிலேயே முன்பிருந்து இருக்கிறது.

மதுமிதா_உயிர்வேதியியல் · 6 செப்டம்பர் 2023, மாலை 5.40

அக்கா, என் மூன்றாவது லேனிலும் மங்கலான பேண்ட்கள் இருப்பதால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹெவி, லைட் இரண்டுக்கும் நேராக இருக்கும் மங்கல் பேண்ட்கள் லேன் முழுக்கச் சமமாக இல்லை. இடது ஓரத்தில் அடர்த்தி, வலப்பக்கம் போகப் போக மங்கி மறைகிறது. இது எதைக் காட்டுகிறது?

இன்னொன்று. அளவு கணக்கிட்டேன். மார்க்கர் ஓடிய தூரம்: 97 கிலோ டால்டன் 7 மிமீ, 66 என்பது 15, 45 என்பது 24, 31 என்பது 33, 21.5 என்பது 42. நீலக் கோடு 60 மிமீ. என் பேண்ட்கள் 20 மிமீ, 38 மிமீ. மேலே நிற்பது 2 மிமீ. மடக்கை வரைபடத்தில் கோட்டை மேலே நீட்டிப் பார்த்தால் உச்சி பேண்ட் 120 சொச்சம்தான் வருகிறது. 150 இல்லை. லைட் செயின் ஒன்று கழன்ற வடிவம்தான் முழுக்க இருக்கிறதா என்று பயமாக இருக்கிறது.

செங்கழுநீர் · 6 செப்டம்பர் 2023, இரவு 8.55

இடது ஓரம் அடர்த்தி என்றால் அது உங்கள் சாம்பிள் செய்தது இல்லை, பக்கத்து லேன் செய்தது. இரண்டாவது லேனில் டிடிடி இருந்தது. அது சின்ன மூலக்கூறு, பக்கவாட்டில் பரவி மூன்றாவது லேனின் அருகிலுள்ள ஓரத்தில் இருந்த ஐஜிஜியைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டது. கை மாறிய ஏணி என்றால் லேன் முழுக்கச் சமமாக இருக்கும், 75, 100, 125 எல்லாம் தெரியும். கசிந்த டிடிடி என்றால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். டிடிடி உள்ளதையும் இல்லாததையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். நடுவில் இரண்டு லேன் விட்டு, அவற்றில் வெறும் சாம்பிள் பஃபரை ஏற்றுங்கள். முடிந்தால் தனித்தனி ஜெல்.

இப்போது அளவு. 20 மிமீ பேண்டைப் பார்ப்போம். அது 66-க்கும் 45-க்கும் நடுவில். 66-இன் மடக்கை 1.820, 45-இன் மடக்கை 1.653. இடைவெளி 9 மிமீ, அதில் உங்கள் பேண்ட் 5 மிமீ தாண்டியிருக்கிறது. 1.820-இலிருந்து 0.167-இல் ஒன்பதில் ஐந்து பங்கைக் கழித்தால் 1.727, அதாவது 53 கிலோ டால்டன். ஹெவி செயினில் சர்க்கரைக் கிளை இருப்பதால் 50-ஐக் கொஞ்சம் தாண்டி நிற்பது சகஜம். 38 மிமீ இதே முறையில் 31-க்கும் 21.5-க்கும் நடுவில் 25 என்று வருகிறது. இரண்டும் கச்சிதம்.

உச்சி பேண்டை இந்த ஜெல்லில் அளக்கவே முடியாது. உங்கள் மார்க்கரின் பெரியது 97. அதற்கு மேலே நீங்கள் நீட்டியது வெறும் ஊகம். அதோடு 12 சதவீத வலையில் பெரிய மூலக்கூறுகள் ஏறக்குறைய உள்ளேயே நுழைய முடியாமல் வாசலில் நெரிசலாக நிற்கும், அங்கே மடக்கைக் கோடு நேராக இருக்காது, வளைந்துவிடும். 15 முதல் 42 மிமீ வரை உங்கள் புள்ளிகள் எவ்வளவு ஒழுங்காக 9, 9, 9 என்று விழுகின்றன பாருங்கள். 97 ஏற்கெனவே 8 மிமீ இடைவெளியில் சற்று நகர்ந்திருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு: டிடிடி இல்லாத ஐஜிஜி முழுதாக விரியாத, கிளைகள் உள்ள உருவம். மார்க்கர் புரதங்களோ விரிந்த ஒற்றைச் சங்கிலிகள். உருவமே வேறு என்னும்போது அந்த அளவுகோல் அதற்குச் செல்லாது. 7.5 சதவீத ஜெல்லில், 250 வரை உள்ள மார்க்கரோடு ஓட்டுங்கள். 150-க்குப் பக்கத்தில் வரும், ஆனால் சரியாக 150 என்று எதிர்பார்க்காதீர்கள்.

தேன்மொழி_சவ்வு · 7 செப்டம்பர் 2023, காலை 10.18

கொதிக்க வைப்பது எல்லோருக்கும் நல்லது என்பது மாதிரி இங்கே பேச்சு போகிறது. என் அனுபவம் நேரெதிர். எங்களுடையது சவ்வுக்குள் பல தடவை ஊடுருவிப் போகும் புரதம். 95 டிகிரியில் வைத்த சாம்பிள் குழியின் வாயிலேயே உறைந்து நின்றுவிடும், கீழே ஒன்றுமே வராது. ஆரம்பத்தில் புரதமே உற்பத்தியாகவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்த பிறகுதான் பேண்ட் தெரிந்தது. நீரை விலக்கும் பகுதிகள் அதிகமுள்ள புரதத்தை அவசரமாகச் சூடாக்கினால் எஸ்டிஎஸ் வந்து போர்த்தும் முன்பே ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. ஆகவே "சூடு விரிக்கும்" என்பது பாதிதான். சூடு திரட்டவும் செய்யும்.

செங்கழுநீர் · 7 செப்டம்பர் 2023, பகல் 12.40

தேன்மொழி சொல்வது முழுக்கச் சரி. சவ்வுப் புரதத்துக்கு முதலில் 37, 50, 70, 95 என்று நான்கு சூட்டில் ஒரே சாம்பிளை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். குழியைச் சாயம் ஏற்றாமல் வெட்டி எறியக் கூடாது, ஸ்டாக்கிங் ஜெல்லையும் சேர்த்துச் சாயம் ஏற்றினால்தான் மேலே சிக்கியது தெரியும்.

ஆனால் சவ்வுப் புரதம் எல்லாம் அப்படி என்றும் சொல்லிவிட முடியாது. ஈ. கோலையின் வெளிச்சவ்வில் இருக்கும் ஓம்ப்ஏ நேர்மாறு. 35 கிலோ டால்டன். கொதிக்க வைக்காமல் ஏற்றினால் அதன் பீப்பாய் வடிவம் எஸ்டிஎஸ்ஸுக்கே அசையாமல் மடிந்தபடி நிற்கும், 30-க்குப் பக்கத்தில் ஓடும். கொதிக்க வைத்தால் விரிந்து 35-க்குப் போகும். டைசல்ஃபைட்டுக்கு இதில் வேலையே இல்லை, மாற்றம் முழுவதும் சூட்டால் வருவது. சூட்டின் பங்கைத் தனியாகப் பார்க்க இதைவிடத் தெளிவான புரதம் எனக்குத் தெரியாது. மதுமிதாவின் ஆல்புமின் டிடிடியின் பங்கைத் தனியாகக் காட்டுகிறது, ஓம்ப்ஏ சூட்டின் பங்கைத் தனியாகக் காட்டுகிறது.

பழைய_வாத்தியார் · 7 செப்டம்பர் 2023, இரவு 9.30

ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் இந்தப் பேச்சை விட முடியவில்லை.

எஸ்டிஎஸ் ஜெல்லில் மூலக்கூறு எடையை அளக்கலாம் என்று வெபரும் ஆஸ்போர்னும் 1969-இல் பல புரதங்களை ஓட்டிக் காட்டினார்கள். 1970-இல் லெம்லி டி4 வைரஸின் தலைப் புரதங்களைப் பிரிக்க, ஸ்டாக்கிங் ஜெல்லை எஸ்டிஎஸ்ஸோடு சேர்த்தார். நாம் இன்று எல்லோரும் ஓட்டுவது அதுதான். ஸ்டாக்கிங் ஜெல்லின் 6.8 பிஎச்சில் கிளைசின் பெரும்பாலும் மின்னூட்டமின்றிப் பின்தங்கும், குளோரைடு முன்னே ஓடும், நடுவில் அகப்பட்ட புரதங்கள் மெல்லிய கோடாக நெருங்கி நிற்கும். 8.8-க்குள் நுழைந்ததும் கிளைசின் மின்னூட்டம் பெற்று அவற்றைத் தாண்டிப் போய்விடும், பிறகுதான் வலையின் வேலை தொடங்கும்.

அளவு என்பதற்கு ஒரு எச்சரிக்கை. பி53 என்ற புரதத்துக்கு அந்தப் பெயரே ஜெல்லில் 53-இல் தெரிந்ததால் வந்தது. அதில் 393 அமினோ அமிலம், கணக்குப்படி எடை 43.7. புரோலின் நிறைந்த பகுதி ஒன்று அதை மெதுவாக்குகிறது. கொதிக்க வைத்தாலும் டிடிடி போட்டாலும் இது மாறாது. ஜெல் காட்டுவது தோற்ற எடைதான்.

கபிலன்.ச · 8 செப்டம்பர் 2023, மாலை 4.25

சாம்பிள் பஃபரும் 6.8 பிஎச்சில் வைக்கிறோம். தயால் தாக்குவதற்கு மின்னூட்டம் பெற்ற வடிவம் வேண்டும், டிடிடிக்கு அது 9.2-க்குப் பக்கத்தில்தான் பாதியாகும். 6.8-இல் நூற்றில் ஒன்றுகூட அந்த வடிவத்தில் இருக்காது. அப்படியானால் இவ்வளவு மோசமான பிஎச்சில் ஏன் டிடிடியை வேலை வாங்குகிறோம்? சாம்பிளை 8.5-இல் வைத்து 70 டிகிரியில் 10 நிமிடம் போதாதா? சூட்டால் வரும் தொல்லையும் குறையும்.

செங்கழுநீர் · 8 செப்டம்பர் 2023, இரவு 10.05

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். 6.8-இல் டிடிடி மந்தமாகத்தான் இருக்கும், அந்த மந்தத்தைச் சூட்டின் வேகத்தால் ஈடுகட்டுகிறோம். அதோடு புரதத்தின் உள்ளே புதைந்திருக்கும் டைசல்ஃபைட்களைச் சூடு திறந்து காட்டினால்தான் டிடிடி அவற்றை அடையும். ஐஜிஜியின் சங்கிலிகளுக்கு நடுவே உள்ள நான்கு வெளியில் தெரிவதால் சூடின்றியும் ஓரளவு அவிழும். உள்ளே உள்ள 12 அப்படி அவிழாது. இரண்டும் சேர்ந்து வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

டிரிஸ் பஃபருக்கு இன்னொரு குணம் உண்டு: ஒரு டிகிரி ஏறினால் பிஎச் சுமார் 0.03 இறங்கும். அறைச் சூட்டில் 6.8 என்று வைத்தது 95 டிகிரியில் 5-க்குப் பக்கத்தில் போய்விடும். அந்த அமிலச் சூட்டில் நீண்ட நேரம் வைத்தால் அஸ்பார்ட்டிக் அமிலமும் புரோலினும் சேரும் இடத்தில் சங்கிலியே துண்டாகலாம். அதனால்தான் 15 நிமிடம் என்றபோது எனக்குத் தயக்கம். 8.5 பிஎச், 70 டிகிரி முறையைப் பலர் பயன்படுத்துகிறார்கள், பல புரதங்களுக்கு நன்றாகவே இருக்கிறது.

ஆனால் அதையே எல்லாவற்றுக்கும் விதியாக வைக்க மாட்டேன். செல்லை உடைத்து எடுத்த கச்சா சாம்பிளில் புரோட்டியேஸ்கள் உண்டு, அவற்றில் சில எஸ்டிஎஸ்ஸிலும் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்து, விரியத் தொடங்கிய மற்ற புரதங்களை வெட்டும். சாம்பிள் பஃபர் ஊற்றியதும் நேராக 95-இல் வைப்பது அவற்றை முதலில் அடக்கத்தான். பஃபர் கலந்துவிட்டுத் தேநீர் குடித்து வந்து சூடாக்கினால் பெரிய பேண்ட்கள் மங்கிக் கீழே புதிது புதிதாகத் தோன்றும்.

கபிலன்.ச · 8 செப்டம்பர் 2023, இரவு 10.40

சுத்தமான ஐஜிஜியில் புரோட்டியேஸ் எங்கே இருக்கிறது? அங்கே 70 தான் நல்லது என்கிறேன்.

தேன்மொழி_சவ்வு · 9 செப்டம்பர் 2023, காலை 9.12

என் கச்சா சாம்பிளுக்கு 95 கூடாது, 37 தான் ஓடுகிறது. புரோட்டியேஸ் தடுப்பான் போட்டுச் சமாளிக்கிறேன். ஒரே எண் எல்லோருக்கும் பொருந்தாது.

மதுமிதா_உயிர்வேதியியல் · 13 செப்டம்பர் 2023, மாலை 7.20

மறுபடி ஓட்டினேன். 7.5 சதவீத ஜெல், 250 வரை மார்க்கர், டிடிடி உள்ளதற்கும் இல்லாததற்கும் நடுவில் இரண்டு லேன் வெறும் சாம்பிள் பஃபர். டிடிடி இல்லாததை மூன்றாகப் பிரித்தேன்: 95 டிகிரி, 70 டிகிரி, அயோடோஅசிட்டமைடு சேர்த்து 70 டிகிரி.

ஓரம் சாய்ந்த பேண்ட்கள் போய்விட்டன. முக்கியமான பேண்ட் இப்போது 150-ஐக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. 95-இல் 125, 100, 75 மூன்றும் மங்கலாக, லேன் முழுக்கச் சமமாகத் தெரிகின்றன. 70-இல் குறைவு. அயோடோஅசிட்டமைடு போட்டதில் 100, 75 காணவில்லை. 125 மட்டும் மிக மங்கலாக இன்னும் இருக்கிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

செங்கழுநீர் · 13 செப்டம்பர் 2023, இரவு 9.48

கபிலன் பார்த்த ஏணியும் இதுவும் ஒன்றுதான், பெரும்பகுதி சூட்டில் கை மாறியது. மீந்த 125 இரண்டில் ஒன்றாக இருக்கலாம். உங்கள் ஐஜிஜியில் ஒரு சிறு பங்குக்கு லைட் செயின் பிணைப்பு உருவாகாமலோ சேமிப்பில் அவிழ்ந்தோ இருக்கலாம். இல்லையென்றால் அயோடோஅசிட்டமைடு தயால்களை மூடி முடிக்கும் முன்பே சில கை மாறியிருக்கலாம். 6.8 பிஎச்சில் அதுவும் மெதுவாகத்தான் வேலை செய்யும், டிடிடிக்குச் சொன்ன அதே காரணம். என்-எத்தில்மலேமைடு இந்தப் பிஎச்சில் வேகமானது. சாம்பிள் பஃபரில் 10 மில்லிமோலார் இருக்கும்படி, அன்றே கரைத்ததைப் போட்டு, அறைச் சூட்டில் 15 நிமிடம் விட்டுப் பிறகு 70-இல் வையுங்கள். அப்போதும் 125 அதே அளவில் நின்றால் அது பாட்டிலிலேயே இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

டிடிடி கலந்த லேனில் இதைப் போட்டுவிடாதீர்கள், டிடிடியையே தின்றுவிடும்.

பழைய_வாத்தியார் · 14 செப்டம்பர் 2023, காலை 6.35

சாம்பிள் பஃபரைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் எஸ்டிஎஸ் வெள்ளையாகப் படிந்திருக்கும், முழுக்கக் கரைத்துவிட்டுக் கலக்கவும். ஐஜிஜி பொட்டாசியம் உப்புள்ள பஃபரில் இருந்தாலும் அதேபோல் படியும், அது சூட்டில் கரைந்து ஆறியதும் திரும்ப வரும். சோடியம் உப்புக்கு மாற்றிவிட்டு ஏற்றுவது நல்லது.